கொரியக் கடிதத்தின் படத்தில் கடைசி எழுத்தைப் பாருங்கள்

கொரிய மொழியில் கேட்பவருக்குரிய மரியாதை பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியிலுள்ள வினைமுற்றில்தான் தங்கியிருக்கிறது. ‘ப்பல்லி வாயோ’ என்றால் ‘சீக்கிரம் வாருங்கள்’. இறுதியிலுள்ள ‘யோ’ நீங்கி ‘ப்பல்லி வா’ என்றானால் ‘சீக்கிரம் வா’. (இந்த ‘வா’ ஒலியிலும் பொருளிலும் நம் ‘வா’வை ஒத்திருப்பது ஒரு வேடிக்கை.) அந்த ‘யோ’ ஒரே ஓர் எழுத்து என்பதால், கொரியக் கடிதத்தை மொழிபெயர்ப்புச் செயலிக்காகப் படமெடுக்கும்போது தாளின் வலது ஓரம் வெட்டுப்பட்டாலோ, கையெழுத்தை அந்தச் செயலி தவறவிட்டாலோ, மேலாளரின் பணிவான குறிப்பு அதட்டலாக மாறிவிடும். மற்ற வாக்கியங்கள் ‘யோ’ அல்லது இன்னொரு மரியாதை முடிவான ‘நிதா’ என முடிய, ஒன்று மட்டும் மொட்டையாக நின்றால், அந்த வரியை மட்டும் நெருக்கமாக மீண்டும் படமெடுத்துப் பாருங்கள்.

இதைவிட நுட்பமான சிக்கல், வினையின் நடுவில் வரும் ‘ஷி’ என்ற மரியாதை இடைநிலை. அது கேட்பவரைக் குறிப்பதன்று, செயலைச் செய்பவரைக் குறிப்பது. ‘ஹல்மொனி ஒஷொஸ்ஸொ’ என்று ஒருவர் தம்பிக்கு எழுதினால், இறந்தகாலத்தில் ‘ஷி’ திரிந்து வந்த அந்த ‘ஷொ’ பாட்டிக்குரிய மரியாதை; இறுதியில் ‘யோ’ இல்லாதது தம்பியிடம் உள்ள நெருக்கம். ‘பாட்டி வந்தாள்’ என்றோ ‘பாட்டி வந்துவிட்டார், தெரிந்துகொள்ளுங்கள்’ என்றோ எழுதுவதைவிட, ‘பாட்டி வந்துட்டாங்கடா’ என்பதே இரண்டையும் காக்கும்.