மங்கிய கூட்டெழுத்துக் கடிதத்தை மொழிபெயர்க்கும் முன் படித்தெடுப்பது எப்படி?

பாட்டியோ பெரியப்பாவோ எழுதிய பழைய தமிழ்க் கடிதங்கள் படங்களாக உங்கள் போனுக்கு வந்திருக்கின்றன. தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்காக அவற்றை ஆங்கிலமாக்க வேண்டும். மை மங்கியிருக்கிறது, எழுத்தோ கோழி கிளறியதுபோல் ஓடுகிறது. உடனே மொழிபெயர்க்க உட்காராதீர்கள். முதலில் கடிதத்தை எழுத்து எழுத்தாகத் தமிழிலேயே படியெடுக்க வேண்டும். பாதி வேலை அதுதான்.

1. நல்ல படம் வாங்குங்கள்

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். முதலில் அழிவது புள்ளிகள்தான். டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். 12 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ஏ4 பக்கம் சட்டம் நிறைய வந்தால் போதும். பிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் நல்லது. பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால், தாளுக்கு அடியில் கறுப்புக் காகிதம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் பெருமளவு அடங்கிவிடும். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதிய கடிதம் என்றால் இன்னொரு படமும் கேளுங்கள்: டார்ச்சைத் தாளின் ஓரத்தில், கிட்டத்தட்ட தரையோடு தரையாகப் பிடித்து எடுத்தது. மை போன இடத்திலும் பேனா பதிந்த பள்ளம் நிழலாகத் தெரியும்.

ஸ்கேனர் செயலிகளின் கறுப்பு-வெள்ளை முறையை மட்டும் தொடாதீர்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஆனால் மெல்லிய கோடுகளை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும்.

2. மையைத் தனியே பிரியுங்கள்

ஜிம்ப் மென்பொருளில் படத்தைத் திறந்து `Colors → Components → Decompose` போய், `RGB` தேர்ந்தெடுங்கள். ஒரே படம் மூன்று சாம்பல் அடுக்குகளாகப் பிரியும். மஞ்சளேறிய தாளில் நீல மை என்றால் `red` அடுக்கைப் பாருங்கள்: நீல மை சிவப்பு ஒளியை விழுங்குகிறது, மஞ்சள் தாள் அதைத் திருப்பி அனுப்புகிறது, அதனால் எழுத்து கறுத்துத் தெரியும். பழுப்பாகிப்போன மை என்றால் `blue` அடுக்கைப் பாருங்கள். தாள் மிகவும் மஞ்சளாகியிருந்தால் அங்கே தாளும் கறுக்கும். அப்போது `green` அடுக்கோடு ஒப்பிட்டுத் தெளிவானதை எடுங்கள். பிறகு `Colors → Levels` திறந்து, இடப்பக்கக் கறுப்பு முக்கோணத்தை வரைபடம் மேலெழத் தொடங்கும் இடம்வரை நகர்த்துங்கள். அதற்கு மேல் போனால் தாளின் கறைகளும் எழுத்துபோல் எழுந்து நிற்கும். மூலப்படத்தின்மேல் சேமிக்காதீர்கள்.

3. தெரிந்த வரியிலிருந்து தெரியாத எழுத்துக்கு

முதல் வரியிலிருந்து வரிசையாகப் படிக்க முயல்வதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. கடிதத்தில் என்ன எழுதியிருக்கும் என்று பார்க்காமலே சொல்லக்கூடிய இடங்கள் சில உண்டு. ‘நலம், நலமறிய ஆவல்’ என்ற ஒரு தொடரிலேயே ந, ல, ம், ம, றி, ய, ஆ, வ, ல் கிடைத்துவிடும். ‘இப்படிக்கு’ என்பதில் இ, ப், ப, டி, க், கு. குடும்பத்தார் பெயர்களில் இன்னும் பல. இவற்றைப் படத்திலிருந்து வெட்டி, ஒரு தாளில் ஒட்டி, கீழே அச்செழுத்தை எழுதுங்கள். ஒருவர் கைக்கு ஒரு பட்டியல். தாத்தாவின் பட்டியலை வைத்துப் பாட்டியைப் படிக்க முடியாது.

1978-க்கு முன் தமிழ்நாட்டில் பள்ளி முடித்தவர்களிடம் பழைய வடிவங்களை எதிர்பாருங்கள். ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் இரட்டைச் சுழி வராது. எழுத்தின்மேல் யானைத் துதிக்கைபோல் ஒரு வளைவு இருக்கும். மங்கிய படத்தில் அது மேல்வரியின் வால் என்று தோன்றும். ணா, றா, னா மூன்றிலும் கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சுழிந்து ஒட்டியிருக்கும். தேதியில் ௵, ௴, ௳ வந்தால் அவை முறையே வருடம், மாதம், நாள். ௸ என்பது ‘மேற்படி’. இவற்றைக் கையெழுத்துக் கிறுக்கல் என்று விட்டுவிடுபவர்கள் அதிகம்.

4. மூன்று பொறிகள்

வேகமாக எழுதுபவர்கள் புள்ளி வைப்பதில்லை. வைத்த புள்ளியும் முதலில் மங்கும். காலும் ‘ர’வும் ஒரே கோடாகிவிடும். மூன்றாவது, மோசமானது, கொம்பு: ‘ெ’, ‘ே’ இரண்டுக்கும் வேறுபாடு மேலே உள்ள ஒரு சின்னச் சுழிதான். பழங்காலத்தில் இந்த வேறுபாட்டை எழுத்தில் காட்டுவதில்லை. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்தது என்பார்கள். அவசரக் கை அந்தப் பழங்காலத்துக்கே திரும்பிப் போய்விடுகிறது.

கடிதத்தின் கடைசியில் இப்படி ஒரு வரி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம்:

எலலொரையும கெடடதாக சொலலவும

புள்ளிகளை மட்டும் போட்டால் ‘எல்லொரையும் கெட்டதாக சொல்லவும்’. எல்லாரையும் பற்றி மோசமாகச் சொல்லச் சொல்கிறாரா பாட்டி? முதல் சொல்லைப் பாருங்கள். ‘எல்லொர்’ என்று தமிழில் சொல்லே இல்லை, அது ‘எல்லோர்’தான். ஆக இந்தக் கை நெடில் சுழியைப் போடுவதில்லை என்பதற்கு அந்த வரியிலேயே சாட்சி இருக்கிறது. பட்டியலில் ‘தேதி’, ‘பெரிய’ இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கொம்பு ஒன்றுபோலவே இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. ‘கெ’யைக் ‘கே’ என்றும் படிக்கலாம்: ‘எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்’. எல்லாரையும் நலம் விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்பதுதான் செய்தி. ஆங்கிலத்திலும் அந்த விசாரிப்புதான் வரவேண்டும். வெறும் ‘கேட்டேன்’ போதாது.

மாறாக, அந்தக் கை வேறு இடங்களில் சுழியை ஒழுங்காகப் போட்டிருந்தால் இந்த வாதம் செல்லாது. அப்போது சுழி மங்கியதா, இல்லவே இல்லையா என்று அடுக்குப் படத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

இதேபோல ன், ள் இரண்டும் சொல்லின் இறுதியில் ஒரே வளைவாகத் தேய்ந்திருந்தால் அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள். ‘வந்தான்’, ‘வந்தாள்’ எது என்று ஆங்கிலத்தில் மறைக்க இடமில்லை.

5. படியெடுப்பது

மூலத்தில் வரி முடியும் இடத்திலேயே நீங்களும் முடியுங்கள். வரிக்கு எண் இடுங்கள். தமிழில் சொல்லை எந்த எழுத்திலும் உடைத்து, இணைகோடு இல்லாமல் அடுத்த வரிக்குப் போவார்கள். அதனால் வரியின் கடைசிச் சொல் பொருளற்றதாகத் தெரிந்தால் அடுத்த வரியின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பாருங்கள். பிழையைத் திருத்தாதீர்கள், ‘வாழப்பளம்’ என்று இருந்தால் அப்படியே. நீங்கள் ஊகித்த எழுத்துகள் சதுர அடைப்புக்குள் வரட்டும்: வந்தா[ள்?]. படிக்கவே முடியாத எழுத்துக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி: [...]. புள்ளியும் சுழியும் சந்தியும் போட்ட திருத்தப் படியைப் பக்கத்துப் பத்தியில் தனியாக எழுதுங்கள். மொழிபெயர்ப்பு அந்த இரண்டாம் பத்தியிலிருந்து. சந்தேகம் வந்தால் முதல் பத்திக்குத் திரும்பலாம்.

மிஞ்சும் சொற்களை ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் பிடிபடாதவற்றை, அந்தக் கையெழுத்தை அறிந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் முழு வரியாகக் காட்டி, வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊகத்தை முன்னதாகச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால், ‘ஆமாம், அதுதான்’ என்றுதான் பதில் வரும்.