விரிசல் நின்றுவிட்டதா? டெல்-டேல் வைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைட்டுக்குப் புதிதாக வரும் இளம் இன்ஜினியர்கள் சுவர் விரிசல் இன்னும் அசைகிறதா என்று காட்டும் டெல்-டேல் வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம், நாங்கள் தொழிலுக்கு வந்த காலத்துப் பிழைகளே திரும்ப நடப்பது தெரிகிறது. தேதி எழுதாமல் விடுவது, எண் போடாமல் விடுவது போன்றவற்றை யாராவது சொல்லித் திருத்திவிடுவார்கள். நான் சொல்ல வருவது வேறு. வேலை ஒழுங்காக நடந்ததுபோலவே இருக்கும், முடிவு மட்டும் தப்பாகப் போகும். அப்படிப்பட்ட தவறுகள் இவை.

பூச்சின் மேலேயே பட்டை போடுவது

விரிசலின் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அதாவது பி.ஓ.பி. பட்டை போடுவதன் நோக்கம் எளியது. அது காய்ந்ததும் வளைந்து கொடுக்காது, சுவர் கொஞ்சம் அசைந்தாலும் வெடித்துவிடும். ஆனால் அந்த அசைவு பட்டைக்கு வந்து சேர, அது இரண்டு பக்கமும் செங்கல்லைப் பிடித்திருக்க வேண்டும். பழைய வீடுகளில் விரிசலை ஒட்டிய பூச்சு செங்கல்லை விட்டு விலகியிருக்கும். தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தம் கேட்கும். அதன் மேல் போட்ட பட்டை, உள்ளே செங்கல் நகர்ந்தாலும் முழுசாகவே நிற்கலாம். எனவே விரிசலின் இருபுறமும் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்து, தூசியைத் தேய்த்து, செங்கல்லை நனைத்துவிட்டு, 6 முதல் 8 மி.மீ. கனத்தில் போடுங்கள்.

பி.ஓ.பி. கிடைக்கவில்லை என்று கொத்தனார் சிமென்ட் கலவையைப் போட்டுவிடுவதும் உண்டு. சிமென்ட் காயும்போது தானே சுருங்கி மயிரிழைக் கீறல் விடும். சுவர் அசையாமலே "அசைகிறது" என்று பதில் வந்துவிடும்.

வெளிச்சுவரில் பி.ஓ.பி.

மழையில் ஊறிப் போகும். வெளியே, விரிசலின் குறுக்கே ஒட்டும் கட்டம் போட்ட கேஜ் அல்லது இருபுறமும் பதித்து இடைவெளியை அளக்கும் திருகு மட்டும்.

மூன்று மாதத்தில் தீர்ப்பு எழுதுவது

எனக்கு இன்றும் கோபம் வரவைக்கும் தவறு இதுதான். இதில் போகிற பணமும் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம்.

கோவைப் பக்கம் கரிசல் மண்ணில் கட்டிய ஒரு மாடியில்லாத வீடு. செங்கல் சுவர், ஆழமில்லாத அஸ்திவாரம், ஒரு மூலைக்கு அருகில் பெரிய வேப்பமரம். அந்த மூலைப் பக்கத்து ஜன்னலின் மேல்முனையிலிருந்து சாய்வாக மேலே ஏறிய விரிசல், கீழே மெல்லியதாகவும் மேலே அகலமாகவும் இருந்தது. மூலை கீழே இறங்குகிறது என்பதற்கு அது தெளிவான அடையாளம். பார்க்க வந்த இன்ஜினியர் நவம்பரில் கேஜ் ஒட்டினார். டிசம்பரில் மாற்றமில்லை. ஜனவரியில் விரிசல் அரை மி.மீ. மூடியிருந்தது. "அசைவு நின்றுவிட்டது" என்று எழுதிக் கொடுத்தார். உடனே எபாக்ஸி ஏற்றி, குறுக்கே கம்பி தைத்து, பூசி, பெயிண்ட்டும் அடித்துவிட்டார்கள்.

அந்த மே மாதத்தில், எபாக்ஸி போட்ட கோடு அப்படியே இருக்க, ஒரு சாண் தள்ளி அதற்கு இணையாகப் புதிய விரிசல் திறந்தது. அடுத்து வந்த ஆலோசகர் அதைப் பார்த்து, அஸ்திவாரமே போய்விட்டது, அடியில் தோண்டிப் புது அஸ்திவாரம் கொடுக்க வேண்டும் என்று லட்சக்கணக்கில் மதிப்பீடு போட்டார். அந்தக் காகிதத்தோடுதான் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். கடன் வாங்க ஏற்பாடும் செய்திருந்தார்.

கரிசல் மண் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறி உப்பும். கோடையில் காய்ந்து சுருங்கும். மரத்தின் வேர் தண்ணீரை இழுக்கும் மூலையில் சுருக்கம் இன்னும் அதிகம். அதனால் விரிசல் கோடையில் திறந்து மழைக்குப் பின் மூடும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை அளந்தவர், விரிசல் மூடிக்கொள்ளும் காலத்தை மட்டும் அளந்திருக்கிறார். அது நின்றதற்குச் சாட்சியே இல்லை. மார்ச்சில் தொடங்கி மே மாதத்தில் முடிக்கிறவருக்கு இதே பிழை தலைகீழாக நடக்கும். "வேகமாக வளர்கிறது" என்று பயந்து, தேவையில்லாத வேலையைத் தொடங்கிவிடுவார்.

அந்த வீட்டில் நான் விரிசலைச் சுற்றி முக்கோணமாக மூன்று பித்தளைத் திருகு பதித்து, டிஜிட்டல் வெர்னியரால் அளந்தேன். ஒரு பக்கம் இரண்டு, மறு பக்கம் ஒன்று. அப்போதுதான் விரிசல் அகலுவதோடு, ஒரு பக்கம் கீழே வழுக்குகிறதா என்பதும் தெரியும். அளவுகள் இப்படி வந்தன: மே மாதத்தில் விரிசல் அகலம் 3.6 மி.மீ., நவம்பரில் 2.4, ஜனவரியில் 2.3, அடுத்த மே மாதத்தில் 3.7.

மே மாதத்தையும் ஜனவரியையும் ஒப்பிட்டால் 1.3 மி.மீ. வித்தியாசம். அது பருவத்தின் அசைவு. ஆனால் மே மாதத்தை மே மாதத்தோடு ஒப்பிட்டால் 0.1 மட்டுமே. அளக்கும் கையின் பிசகுக்கே அவ்வளவு போய்விடும். வளர்ச்சி இருக்கிறதா என்ற கேள்விக்கு இந்த இரண்டாவது கழித்தல்தான் விடை. அதற்குக் குறைந்தது ஒரு முழு வருடம் காத்திருக்க வேண்டும். இரண்டாவது மே அளவு 5 மி.மீ. பக்கம் வந்திருந்தால், அஸ்திவாரத்தை ஒட்டிக் குழி வெட்டி அடிமண்ணைப் பார்த்திருப்பேன்.

கடைசியில் செய்த வேலை இவ்வளவுதான்: மூலையில் கொட்டிய மழைநீர்க் குழாயைத் தூரமாகத் திருப்பியது, வீட்டைச் சுற்றிக் கான்கிரீட் தளம் போட்டது, விரிசலில் ரப்பர்போல இழுபடும் சீலண்ட் அடைத்தது. சீலண்டை விரிசல் முழுக்கத் திறந்தபோதும் அடைக்கவில்லை, முழுக்க மூடியபோதும் அடைக்கவில்லை. நடு அளவில் இருந்தபோது அடைத்ததால் இரண்டு பக்கமும் இடம் கொடுக்கிறது. வேப்பமரத்தை வெட்டவில்லை. பெரிய மரத்தைத் திடீரென எடுத்தால், வருடக்கணக்கில் காய்ந்து கிடந்த மண் மெல்ல ஊறி உப்பி, சுவரை மேலே தள்ளத் தொடங்கும். கிளைகளை மட்டும் கழித்தோம்.

காலையில் ஒரு அளவு, மதியம் ஒரு அளவு

மொட்டை மாடித் தளத்துக்குக் கீழே படுக்கையாக ஓடும் விரிசலுக்கு இது முக்கியம். 10 மீட்டர் நீளக் கான்கிரீட் தளம் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 மி.மீ. நீளும். சுவர் அதைப் பிடித்து இழுப்பதால் முழுதும் வெளியே தெரியாது. ஆனாலும் காலை அளவையும் பிற்பகல் அளவையும் ஒப்பிட்டால் இல்லாத வளர்ச்சி இருப்பதாகத் தோன்றும். எப்போதும் காலையில், வெயில் ஏறும் முன் அளந்து, வெப்பநிலையையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கேஜ் காட்டாததைப் படிப்பது

ஒட்டும் கேஜில் கட்டம் 1 மி.மீ. கண்ணால் அரை வரை சொல்லலாம். "0.2 கூடியிருக்கிறது" என்று அதைப் பார்த்து எழுதாதீர்கள்.

உடைந்த பட்டையை நம்பிக் காத்திருப்பது

பி.ஓ.பி. பட்டை ஒரு முறைதான் பேசும். அசைந்தது என்று சொல்லும், எவ்வளவு, எந்தப் பக்கம் என்று சொல்லாது. உடைந்த பிறகு அதனால் பயன் மிகக் குறைவு. பட்டை போடும் அன்றே பக்கத்தில் திருகும் பதித்துவிட்டால், உடையும்போது முதல் அளவு கையில் இருக்கும்.

டெல்-டேலே வைக்கக் கூடாத இடம்

தூணிலோ பீமிலோ கம்பி ஓடும் வழியாகவே விரிசல் வந்து துருக்கறை தெரிந்தால் அளக்க ஒன்றுமில்லை. கம்பி துருப்பிடித்து உப்புகிறது, கான்கிரீட்டைத் திறந்து பார்க்க வேண்டும். பக்கத்து மனையில் ஆழமாகத் தோண்டும்போது, நேற்று மூடிய கதவு இன்று சிக்கினால், அங்கேயும் ஒரு வருடக் கணக்கு செல்லாது. தோண்டுவதை நிறுத்தச் சொல்லி, சுவருக்கு முட்டுக் கொடுத்து, அந்த அறையில் யாரும் படுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.