அப்பாவுக்கு அறுபது: வெளியூரில் இருக்கும் மகள் வாழ்த்து எழுதும்போது செய்யும் தவறுகள்

என் அப்பா கரூரில் தையற்கடை வைத்திருக்கிறார். 2025 ஆவணியில் அவருக்கு அறுபது நிறைந்தது. நான் அப்போது புனேயில் எட்டு மாதக் கர்ப்பிணி. பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விழாவில் படிக்க ஒரு வாழ்த்து எழுதி அனுப்பும்படி அத்தை சொன்னார். பத்து நிமிட வேலை என்று உட்கார்ந்தவள் நான்கு முறை கிழித்துப் போட்டேன். கிழித்தது ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு தேதியிலேயே தொடங்கியது. அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் இருப்பது ஜூன் மாதத்துத் தேதி. அவர் பிறந்ததோ ஆவணியில். அந்தத் தலைமுறையில் பள்ளியில் சேர்க்க வயது பொருந்த வேண்டும் என்பதற்காக ஜூனை ஒட்டி ஏதோ ஒரு தேதியைச் சொல்லி எழுதிக்கொண்டவர்கள் ஏராளம். ஆதார் அட்டையும் வங்கிக் கணக்கும் அந்தத் தேதியையே பிடித்துக்கொண்டுவிட்டன. போனில் வரும் நினைவூட்டலை நம்பி ஜூனில் வாழ்த்தினால், “எனக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது” என்பார் அப்பா. வீட்டில் விழா எடுப்பது பிறந்த தமிழ் மாதத்தில், அவருடைய நட்சத்திரம் வரும் நாளில். அது ஆண்டுக்கு ஆண்டு ஆங்கிலத் தேதியில் மாறும். ஒரே மாதத்தில் நட்சத்திரம் இரண்டு முறை வந்தால் எந்த நாள் என்பதை வீட்டில் ஜோசியரிடம் கேட்டு முடிவு செய்திருப்பார்கள். ஆகவே நாளைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டாம், அம்மாவிடம் கேட்டுவிடுங்கள்.

அறுபது என்ற எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. தமிழ் ஆண்டுகள் பிரபவ முதல் அட்சய வரை அறுபது. அப்பா பிறந்த 1965 ஆவணி விசுவாவசு ஆண்டு. 2025 ஆவணியும் விசுவாவசுதான். பிறந்த ஆண்டின் பெயரே திரும்பி வருவதால்தான் இதற்கு இத்தனை மரியாதை. அன்று அறுபது முடிந்து அறுபத்தொன்று தொடங்குகிறது. ஐம்பத்தொன்பது முடிந்து அறுபது தொடங்கும்போது செய்வது உக்ரரத சாந்தி. அறுபது நிறைவில் செய்வது சஷ்டியப்தபூர்த்தி, பேச்சில் அறுபதாம் கல்யாணம், மேடையில் மணிவிழா. நான் முதலில் “அறுபதாம் வயதில் அடியெடுத்து வைக்கும் அப்பாவுக்கு” என்று எழுதியிருந்தேன். ஒரு வருடம் தாமதமான வாழ்த்து அது. “அறுபது நிறைவில்” என்று எழுதியிருந்தால் போதும்.

அடுத்தது மொழி. என் முதல் வரைவில் “அன்பின் சிகரமே, தியாகத்தின் திருவுருவமே, வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்” என்று இருந்தது. வயதில் சிறியவர் பெரியவரை வாழ்த்துவதில்லை என்ற மரபு உண்மைதான். வணங்குகிறேன் என்ற சொல் வாழ்த்தில் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த முழு வரியை அப்பா நாற்பது ஆண்டுகளாகக் கடைக்கு எதிரே கட்டப்படும் கட்சிப் பதாகைகளில் படித்துக்கொண்டிருக்கிறார். அதில் மகள் எங்கே இருக்கிறாள்? அதே வரைவில் “தாங்கள்” என்றும் எழுதியிருந்தேன். நான் அப்பாவை “நீங்க” என்று அழைப்பவள். எழுத்தில் அது “நீங்கள்” ஆகலாம். “தாங்கள்” ஆனால் நான் வங்கி மேலாளருக்கு மனு எழுதுகிறேன் என்று பொருள். வீட்டில் “நீ, வா, போ” என்று பேசும் மகள்கள் நிறையப் பேர். அவர்கள் வாழ்த்திலும் “நீ” என்றே எழுதலாம், தவறில்லை. ஆனால் அது பலர் முன்னால் படிக்கப்படுமானால், படிக்கப்போகும் அத்தையின் வாய்க்கு அது வருமா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் எழுதுவதில் ஓர் ஆபத்தான இடம் இருக்கிறது. பிரிவைச் சொல்ல நினைத்து “உங்களை மிகவும் இழக்கிறேன்” என்று எழுதிவிடுகிறோம். தமிழில் ஒருவரை இழப்பது என்றால் அவர் இறந்துபோவது. அறுபதாம் கல்யாணப் பந்தலில், மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும் மனிதரின் முன்னால் அந்த வரியை ஒருவர் உரக்கப் படிப்பதை எண்ணிப் பாருங்கள். “உங்கள் நினைவாகவே இருக்கிறது”, “பக்கத்தில் இல்லையே என்றிருக்கிறது” என்றெல்லாம் சொல்லத் தமிழில் வழி இருக்கிறது. வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்ற சண்டையில் நான் நுழையவில்லை. அச்சில் இரண்டும் வருகின்றன. இலக்கணம் பார்ப்பவர்கள் பெரும்பாலும் “வாழ்த்துகள்” என்பார்கள். உறவில் ஒரு தமிழாசிரியர் இருந்தால் க்-ஐ விட்டுவிடுவது நிம்மதி.

இரண்டாவது வரைவில் கிடந்தது தியாகப் பட்டியல். படிக்க வைத்தீர்கள், பசி பொறுத்தீர்கள், கடன் வாங்கினீர்கள், தூக்கம் இழந்தீர்கள். எல்லாம் உண்மை, ஆனால் யார் வீட்டு அப்பாவுக்கும் பொருந்தும். கடன் வாங்கியதைச் சொந்தக்காரர்கள் நடுவில் படிப்பதை அப்பாவும் விரும்ப மாட்டார். கடன் கொடுத்தவரும் பந்தியில் உட்கார்ந்திருக்கக்கூடும். பத்துச் செய்திகளை விட்டுவிட்டு, உங்கள் வீட்டில் மட்டும் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது ஒரு நீலப் பாவாடை.

ஐந்தாம் வகுப்பில் அப்பா எனக்குச் சீருடைப் பாவாடை தைக்கும்போது இடுப்பில் கூடுதல் துணி விட்டு, கீழ்ப்பக்கம் விளிம்புக்கு மேலே குறுக்காக டக் பிடித்துத் தைத்தார். நான் வளர வளர ஒவ்வொரு ஜூனிலும் அம்மா ஒரு டக்கைப் பிளேடால் பிரித்துவிடுவார். பாவாடை இரண்டு விரல் இறங்கும். வெயிலிலும் துவைகல்லிலும் மற்ற இடமெல்லாம் வெளுத்துப்போயிருக்க, மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் கடை நிறம் மாறாமல் பட்டையாகத் தெரியும். அதன் இரு ஓரங்களிலும் ஊசித் துளைகள். என்னைப் பார்த்தாலே எத்தனை வருடமாக அதே பாவாடை என்று எண்ணிவிடலாம். அந்த வயதில் எனக்கு அது வெட்கமாக இருந்தது.

இதை எடுத்துக்கொண்டதில் ஒரு நன்மை, அம்மா தானாகவே உள்ளே வந்துவிட்டார். மகள்கள் அடிக்கடி மறப்பது இதைத்தான். பிறந்தநாள் அப்பாவுடையது, ஆனால் விழாவில் மணையில் இருவரும் உட்காருகிறார்கள். அம்மா கழுத்தில் மறுபடி தாலி ஏறுகிறது. அப்பாவுக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதி, கடைசியில் “அம்மாவுக்கும் அன்பு” என்று ஒட்டவைத்தால் அது எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவது வரைவைக் கெடுத்தது மன்னிப்பு. பதினான்கு வாக்கியங்களில் ஆறு, நான் ஏன் வரவில்லை என்பதற்கே போய்விட்டன. வர முடியாததற்கு மகள் அழுதால், விழா நாளில் அப்பா அவளைத் தேற்ற வேண்டியிருக்கும். காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வேண்டுமானால் முந்தின நாள் போனில் அழுதுகொள்ளலாம் (அழுதேன்). வாழ்த்தில் தொலைவுக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் இடம் கொடுக்காதீர்கள். சர்க்கரையைக் குறையுங்கள், நடைப்பயிற்சி போங்கள் என்ற அறிவுரைகளுக்கு அந்த ஒரு வாக்கியமும் கிடையாது.

நான்காவது வரைவை மொழிக்காகக் கிழிக்கவில்லை. உரக்கப் படித்தால் நான்கு நிமிடம் வந்தது. நாதஸ்வரமும் பந்தி அவசரமுமான இடத்தில் ஒரு நிமிடம்தான் கிடைக்கும். கடைசியில் அனுப்பியது இது:

“அப்பா, நான் ஆறாம் வகுப்புக்குப் போன ஜூனில் என் நீலப் பாவாடையில் நீங்கள் வைத்த டக் ஒன்றை அம்மா பிரித்தார். ஏழாம் வகுப்பில் ஒன்று, எட்டில் ஒன்று. வெளுத்த துணியில் மூன்று நீலப் பட்டைகள். இது என்ன புது மாதிரி என்று பக்கத்து பெஞ்சுக்காரி கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். இன்று கேட்டால் சொல்வேன்: நான் எவ்வளவு வளர்வேன் என்று என் அப்பா முன்கூட்டியே கணக்குப் போட்டுவைத்த இடம் அது. புனேயிலிருந்து உங்கள் இருவர் காலிலும் விழுகிறேன். பிறக்கப்போகும் பிள்ளைக்குச் சட்டை தைக்கும்போதும் மடிப்பைத் தாராளமாக விடுங்கள்.”

எழுதி முடித்த பிறகும் கெட்டுப்போக ஓர் இடம் இருக்கிறது: அச்சடிக்கும் கடை. போனில் தட்டச்சு செய்வது யூனிகோடில். பல கடைகளில் இன்னும் பழைய எழுத்துருக்களும் பழைய மென்பொருளும்தான். அதில் அப்படியே ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். “பெரியப்பா” என்பதில் ப முன்னாலும் கொம்பு பின்னாலுமாகக் கிடக்கும். கடைக்காரர் அதைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்வார், அப்போது புதுப் பிழைகள் நுழையும். என் வாழ்த்தில் “துணி” முதல் தடவை “துனி” ஆகி வந்தது. அச்சுக்குப் போகும் முன் படமாக அனுப்பச் சொல்லி, போனில் பெரிதாக்கி, எழுத்தெழுத்தாகப் படியுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். விழா நாளில் வாசிப்புக் கண்ணாடி யார் பையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடும்ப வாட்ஸாப் குழுவில் அதை முன்னதாகப் போட்டுவிடவும் கூடாது. விடிவதற்குள் நாற்பது பேர் கைகூப்பிவிடுவார்கள். அப்பா கடைசி ஆளாகப் பார்ப்பார்.

விவரங்களை வீட்டில் ஒருவரிடம் சரிபார்க்க வேண்டும் என்பதை நான் செய்யவில்லை. விழா முடிந்து மாலை அப்பா கூப்பிட்டார். வாழ்த்து நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை.

“மூன்று இல்லை, நான்கு டக் வைத்தேன். நான்காவதைப் பிரிக்கவே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் நீ சுடிதாருக்குப் போய்விட்டாய்” என்றார்.