மில்லியனைக் கோடியாக்கும்போது வரும் பத்து மடங்குப் பிழை

மட்டக்களப்பில் காணி விலை பேசினால் இலட்சம், கோடி என்றுதான் பேசுவோம். அறிக்கை எழுத உட்கார்ந்தால் மட்டும் ரூபா மில்லியன் வந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு இந்திய வாடிக்கையாளருக்கு எக்செலில் வரைபு செய்தால், மிகச் சுலபமாக ஒரு பிழை விடுவோம்.

கல்லடியில் என்னோடு வேலை செய்யும் தம்பி, கோயம்புத்தூர் வியாபாரி ஒருவருக்கு மாத விற்பனை வரைபு செய்தான். ஜூன் மாதத் தொகை 2,40,00,000 ரூபாய். வரைபின் அச்சுக்கு வழக்கமாகப் போடும் மில்லியன் எண் குறியீட்டை எடுத்து, சொல்லை மட்டும் மாற்றினான்:

```
0.0,,"கோடி"
```

சலாகை 24.0 கோடியைத் தொட்டு நின்றது. "சார், ஜூன்ல எங்களுக்கு 2.4 கோடிதான்" என்று அங்கிருந்து அழைப்பு வந்தது.

குறியீட்டின் கடைசியில் போடும் ஒவ்வொரு கொமாவும் எண்ணை ஆயிரத்தால் வகுக்கும். இரண்டு கொமா என்றால் ஆறு பூச்சியம் போகும், மூன்று என்றால் ஒன்பது. கோடிக்கு ஏழு, இலட்சத்துக்கு ஐந்து. ஆகவே எத்தனை கொமா போட்டாலும் கோடியும் வராது, இலட்சமும் வராது. இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் சலாகைகளின் உயரம் மாறுவதில்லை. ஒரு சலாகையின் மூல எண்ணை எடுத்து, வலமிருந்து ஏழு இலக்கம் எண்ணிப் பாருங்கள். அதற்கு இடப்பக்கம் மிஞ்சுவதுதான் கோடி.

சரியான வழி அச்சுக்குள்ளேயே இருக்கிறது. அச்சின் மேல் வலது கிளிக் செய்து Format Axis போய், Display units பட்டியலில் 10000000 என்பதைத் தெரிவு செய்யுங்கள். இலட்சத்துக்கு 100000. எண் குறியீடாக வெறும் 0.0 போதும், நட்டம் காட்டும் எதிர்மறை எண்களும் ஒழுங்காக வரும். அலகுப் பெயரை எக்செல் 10000000 என்ற எண்ணாகவே காட்டும். அதை அழித்து "ரூபாய் கோடியில்" என்று எழுதிவிடுங்கள். இந்திய வாசகருக்கு "ரூபா" அல்ல, "ரூபாய்".

ஒரே அச்சில் 50 இலட்சம், 1 கோடி என்று கலக்க வேண்டாம். ஆகப் பெரிய எண் கோடியைத் தாண்டினால் எல்லாமே கோடியில், 0.5 என்றே இருக்கட்டும்.

சலாகையின் தலையில் முழுத்தொகை கேட்டால், சிலர் விண்டோஸின் பிராந்திய அமைப்பை இந்தியாவுக்கு மாற்றிவிட்டு 2,40,00,000 வருகிறதென்று திருப்திப்படுவார்கள். அந்த அமைப்பு அவர்களுடைய கணினியில்தான் இருக்கிறது, கோப்போடு போகாது. கோப்புக்குள், அந்தத் தொகையின் எண் குறியீடாக இதைப் போடுங்கள்:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

இதற்கும் ஓர் எல்லை உண்டு. எதிர்மறை எண்கள் மூன்றாம் பகுதிக்குள் விழுவதால், 25 இலட்சம் நட்டம் -2,500,000 என்று பழையபடி மூன்று மூன்றாகவே பிரியும்.