பிரஷர் மாத்திரையால் ஈறு வளர்கிறதா? படிப்படியாகப் பார்ப்போம்

பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்கு ஈறு மெல்ல வளர்ந்து பல்லின் மேல் ஏறும். வலிக்காது. அதனால் மாதக்கணக்கில் கண்டுகொள்ளாமலே இருந்துவிடுவார்கள். பெரம்பூரில் பல் மருத்துவரான என்னிடம் சிகிச்சைக்கு வந்த 54 வயது தையல்கார அம்மா ஒருவரும் அப்படித்தான். நூலை முன்பல்லால் கடித்து அறுப்பது அவர் பழக்கம். வெள்ளை நூலின் நுனி அடிக்கடி சிவப்பாக வரவும்தான் கண்ணாடி முன் போய் நின்றிருக்கிறார். அவருக்குச் செய்ததையே வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கண்ணாடியில் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் உதட்டை விலக்கி, முன்பற்களின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். இந்த வளர்ச்சி இரண்டு பற்களுக்கு நடுவே இருக்கும் ஈறு முக்கோணத்தில்தான் தொடங்கும். முதலில் அது சின்ன மணி போல உருண்டு நிற்கும். அப்புறம் பக்கத்து மணியோடு சேர்ந்து பல்லை மூடத் தொடங்கும். அழுக்கு அதிகம் சேர்ந்திருந்தால் சிவந்து, தொட்டாலே ரத்தம் வரும். இல்லையென்றால் வெளிர் சிவப்பாக, கெட்டியாக இருக்கும். பல் எடுத்த இடத்தில் பெரும்பாலும் வளராது; இது நல்ல அடையாளம்.

ஒரே ஒரு பல்லருகே மட்டும் வலியோடு வீங்கி சீழ் வந்தால் அது வேறு பிரச்சினை. சில வாரங்களுக்குள் ஈறு முழுக்க வேகமாக வீங்கி, கூடவே காய்ச்சல், அசதி, உடம்பில் காரணமில்லாத கன்றல் என்று இருந்தால் மாத்திரையைச் சந்தேகித்துக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பரிசோதிக்க வேண்டும். சில வகை ரத்தப் புற்றுநோய் முதலில் ஈறில் தெரியலாம்.

படி 2: மாத்திரை அட்டையைப் படியுங்கள்

பெட்டியின் மேல் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் நமக்கு வேண்டிய மருந்தின் பெயர். அது 'டிபின்' என்று முடிந்தால் கவனியுங்கள்: அம்லோடிபின், நிஃபெடிபின், சில்னிடிபின். இவற்றில் நிஃபெடிபின்தான் ஈறை அதிகம் வளர்க்கும். அம்லோடிபினில் அது குறைவு என்றாலும், அதைச் சாப்பிடுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம் என்பதால் நான் அதிகம் பார்ப்பது அதைத்தான். கூட்டு மாத்திரையிலும் இது ஒளிந்திருக்கும். பெயருக்குப் பின்னால் 'ஏஎம்' என்றிருந்தால் பெரும்பாலும் அம்லோடிபின் சேர்ந்திருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் மாத்திரை என்றாலும் அட்டையை எடுத்து வாருங்கள். 'வெள்ளையா, சின்னதா ஒரு மாத்திரை' என்றால் எனக்கு ஒன்றும் புரியாது.

பிரஷர் மாத்திரை மட்டுமல்ல, சில வலிப்பு மருந்துகளும் ஈறை வளர்க்கும். அவற்றில் முக்கியமானது ஃபெனிடாயின். அதைத் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேருக்காவது ஓரளவு ஈறு வளரும் என்பது பொதுவான கணக்கு.

பிறகு, தேதிகளைப் பொருத்திப் பாருங்கள். மருந்து தொடங்கியோ அளவு கூட்டியோ சில மாதங்களில் வளர்ச்சி தென்பட்டால் சந்தேகம் பலப்படும். தையல்கார அம்மா அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிட்டவரை ஒன்றும் தெரியவில்லை. 10 மி.கி. ஆக்கிய பிறகுதான் ஆரம்பித்தது.

படி 3: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்

காரணம் தெரிந்ததும் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்போ நாளையிலேர்ந்து போடாம விட்டுடட்டுமா டாக்டர்?" கூடவே கூடாது. பிரஷர் கட்டுப்பாடு போய்விடும், அது பக்கவாதம்வரை கொண்டுபோகலாம். ஃபெனிடாயினைத் திடீரென்று விட்டால் நிற்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். ஈறு காத்திருக்கும்.

படி 4: முதலில் அழுக்கை எடுக்க வேண்டும்

ஈறில் புதுத் திசு உருவாவதும் பழையது கரைவதும் எப்போதும் நடந்துகொண்டே இருக்கும். இந்த மருந்துகள் கரையும் வேலையைத் தாமதப்படுத்துகின்றன. பல்லோரம் படியும் கிருமிப் படலம் ஈறை அழற்சியில் வைத்து, வளர்ச்சியைத் தூண்டுகிறது. வளர்ந்த ஈறு பிரஷ் போகாமல் மறைக்கும், படலம் இன்னும் சேரும். மருந்து நம் கையில் இல்லை, படலம் இருக்கிறது.

அதனால் ஸ்கேலிங் செய்து, பல்லில் கெட்டியாக ஒட்டியிருக்கும் காரையை எடுப்பது முதல் சிகிச்சை. சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று சொல்லாத தெரு சென்னையில் இல்லை. ஆடும் பல்லைக் காரை தாங்கிப் பிடித்திருந்தால், அதை எடுத்ததும் ஆட்டம் தெரியும், அவ்வளவுதான்.

வீட்டில் மிருதுவான பிரஷ்ஷைச் சாய்த்து, முடிகள் ஈறோரத்தில் படும்படி வைத்து, சின்னச் சின்ன அசைவாகத் தேய்க்க வேண்டும். பற்களுக்கு நடுவில், இடுக்கில் நுழையும் இண்டர்டென்டல் பிரஷ். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அங்கேதான் தேய்க்க வேண்டும். 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் 10 மி.லி., காலை இரவு இரண்டு வாரத்துக்குக் கொப்பளிக்கச் சொன்னேன். பேஸ்ட் போட்டுத் தேய்த்து அரை மணி நேரம் கழித்துக் கொப்பளித்தால்தான் முழுப் பலன். அதிக நாள் போனால் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும், டீ காபி குடிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

படி 5: மருத்துவருக்கு ஒரு கடிதம்

பல் மருத்துவர் மாத்திரையை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. ஈறு வளர்ந்திருக்கிறது, அம்லோடிபின் காரணமாக இருக்கலாம், வேறு மருந்து சாத்தியமா என்று கேட்டு அந்த அம்மாவின் பொது மருத்துவருக்கு எழுதினேன். அவர் சிறுநீரகப் பரிசோதனை பார்த்துவிட்டு டெல்மிசார்டான் என்ற வேறு வகை பிரஷர் மாத்திரை 40 மி.கி.க்கு மாற்றினார். இரண்டு வாரத்தில் பிரஷர் 150/94 என்று ஏறி நின்றது. 80 மி.கி. ஆக்கிய பிறகே அடங்கியது. மாற்றிய பிறகு பிரஷரைப் பார்க்காமல் விடக்கூடாது என்பது இதனால்தான்.

எல்லோருக்கும் மாற்ற முடியாது. நெஞ்சுவலிக்காகவும் அம்லோடிபின் சாப்பிடுகிறவருக்கு அதுவே தேவைப்படலாம். வலிப்பு நன்றாகக் கட்டுப்பட்டிருக்கும் ஒருவருக்கு ஃபெனிடாயினை மாற்ற நரம்பியல் மருத்துவர் தயங்குவதும் நியாயம்தான். மாற்றினாலும் லெவடிரசெட்டாம் போன்ற இன்னொன்றைச் சேர்த்து, பழையதைப் படிப்படியாகக் குறைப்பார். மாற்ற முடியாதவர்களுக்குப் படி 4 இரட்டிப்பு முக்கியம்.

படி 6: பொறுத்துப் பாருங்கள்

எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது அந்த அம்மாவுக்கு ரத்தக்கசிவு கிட்டத்தட்ட நின்றிருந்தது. கீழ்ப்பற்களில் ஈறு இறங்கிவிட்டது. மேல் முன்பற்களில் மட்டும் கெட்டியான பகுதி அப்படியே இருந்தது. வழக்கமாக நடப்பது இதுதான்: சிவந்து மெத்தென்று இருப்பது வற்றும், நாள்பட்டு நாராகிப் போனது வற்றாது. ஆனாலும் மருந்து மாற்றி ஆறு மாதமாவது பார்த்துவிட்டுத்தான் கத்தியைப் பற்றி யோசிப்பேன்.

படி 7: மிஞ்சியதை வெட்டுதல்

மெல்லவோ பேசவோ இடைஞ்சலாக இருந்தால், சுத்தம் செய்ய முடியாமல் இருந்தால், அல்லது பார்க்க நன்றாக இல்லை என்றால் கூடுதல் ஈறை வெட்டி எடுக்கலாம். மரத்துப்போகும் ஊசி போட்டு, கத்தியாலோ லேசராலோ செய்வது. நிறையப் பற்களில் வளர்ந்திருந்தாலோ எலும்பும் தேய்ந்திருந்தாலோ, ஈறைத் திறந்து உள்ளே சுத்தம் செய்து தையல் போடும் முறைதான் சரி. அன்று காலை பிரஷர் மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு வர வேண்டும். வெட்டிய இடத்தில் காயத்தை மூடும் பேக் ஒரு வாரம் ஒட்டியிருக்கும். அதுவரை காரமும் முறுக்கும் வேண்டாம். தனியாரில் செலவு கட்டுப்படியாகாதவர்கள் கோட்டை ரயில் நிலையம் அருகே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஈறு நோய்ப் பிரிவுக்குப் போகலாம்.

பழைய மருந்தையே தொடர்கிறவர்களுக்கு வெட்டிய பிறகும் சில மாதங்களிலேயே திரும்ப வளரக்கூடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேலிங்குக்கு வருகிறவர்களுக்கு அது மெதுவாகத்தான் வளர்கிறது. சிலருக்கு அடுத்த வெட்டு தேவைப்படுவதே இல்லை.