பிரெண்டு மூஞ்சிய மாத்தி போட்டோ போட்டாச்சா? சாரி மெசேஜ் எழுதுறது இப்படி

பேஸ் ஸ்வாப் ஆப்ல பிரெண்டு மூஞ்சிய எடுத்து, மாலையும் கழுத்துமா நிக்கிற ஒரு கல்யாணப் பொண்ணு போட்டோல ஒட்டி, அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லயும் காலேஜ் குரூப்லயும் போட்டாச்சுன்னு வைங்க. அதைப் பாத்துட்டு அவ சித்தி "என்னடி, சொல்லாம கொள்ளாம கல்யாணமா?"ன்னு அவளுக்கு போன் போட்டுட்டாங்க.

மொதல்ல போட்டோவ தூக்கணும், ஆனா தூக்குறதுக்கு முன்னாடி யார் யார் பாத்தாங்கன்னு குறிச்சுக்கங்க. ஸ்டேட்டஸ்ல கீழ இருக்கிற கண் படத்தைத் தொட்டா லிஸ்ட் வரும், குரூப்ல நம்ம மெசேஜை அழுத்திப் பிடிச்சு இன்ஃபோ போனா படிச்சவங்க பேரு வரும், டெலிட் பண்ணிட்டா ரெண்டும் போயிடும். குரூப்ல "எல்லாருக்கும் டெலிட்" குடுங்க. போட்டு ரெண்டு நாள், ரெண்டரை நாளுக்குள்ள இருந்தாதான் அது வேலை செய்யும். ஏற்கனவே யாராவது சேவ் பண்ணியிருந்தா அவங்க போன்ல அது இருக்கத்தான் செய்யும், அதனால "எல்லாம் போயிடுச்சு"ன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க.

அப்புறம் மெசேஜ். நிறைய பேரு அனுப்புறது இதுதான்: "சாரி டி, சும்மா ஜோக்குக்குப் போட்டேன், நீ ஹர்ட் ஆகியிருந்தா சாரி." இதுல என்ன செஞ்சோம்னே இல்ல, "ஆகியிருந்தா"ன்னு சொல்லி தப்பை அவ தலையிலயே கட்டியாச்சு. அதுக்குப் பதிலா இப்படி எழுதிப் பாருங்க:

"உன் மூஞ்சிய கல்யாண போட்டோல மாத்தி உன்கிட்ட கேக்காம ஸ்டேட்டஸ்லயும் காலேஜ் குரூப்லயும் போட்டேன். தப்பு டி, சாரி. ரெண்டு இடத்துலயும் எடுத்துட்டேன், ஆப்லயும் உன் போட்டோவ டெலிட் பண்ணிட்டேன். ஸ்டேட்டஸ் பாத்த லிஸ்ட்ல உன் சித்தியும் இருக்காங்க. வேணும்னா அவங்ககிட்ட நானே பேசி அது பொய் போட்டோன்னு சொல்றேன், வேணாம்னா விட்டுடறேன். குரூப்ல என்ன எழுதணும்னும் நீயே சொல்லு. உடனே ரிப்ளை பண்ணணும்னு இல்ல."

சித்தி விஷயத்தை மறைக்காம சொன்னதுதான் இதுல முக்கியம், ஏன்னா வீட்ல அடுத்து யாரு கேப்பாங்கன்னு தெரியாமதான் அவளுக்கு அதிகமா படபடப்பா இருக்கும். அந்த போட்டோவையே திரும்ப அட்டாச் பண்ணி "இதுக்குத்தான் சாரி"ன்னு அனுப்புற ஆளுங்களும் இருக்காங்க, ப்ளீஸ் வேணாம்.

ப்ளூ டிக் வந்து ரிப்ளை வரலைன்னா "கோவமா?"ன்னு திரும்பத் திரும்பக் கேக்காதீங்க, பொது பிரெண்டை தூது அனுப்பாதீங்க. அவ சரின்னு சொன்னா குரூப்ல ஒரே வரி போதும்: "நேத்து நான் போட்ட கல்யாண போட்டோ ஆப்ல மாத்துனது, அவகிட்ட கேக்காம போட்டேன், சேவ் பண்ணியிருந்தா டெலிட் பண்ணிடுங்க." இதுக்குக் கீழ சிரிப்பு எமோஜி சேக்காதீங்க, சேத்தா மறுபடி எல்லாரும் அந்த போட்டோவ தேட ஆரம்பிச்சுடுவாங்க.