பூனைக்கு மனக்குரல் எழுதுவது எப்படி? 24 வினாடி வீடியோ, படிப்படியாக

முதலில் எழுதிவிட்டு அதன்படி பூனையை நடிக்க வைக்க முடியாது. படம்பிடித்த பிறகுதான் வசனம். அது பாட்டுக்கு இருக்கும்போது, போனை நிமிர்த்திப் பிடித்து, தரையோடு தரையாகப் பூனையின் கண் மட்டத்தில் வைத்து ஓரிரு நிமிடம் எடுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் முகம் தெரியாது. முகம் தெரியாத பூனைக்குக் குரல் ஒட்டாது.

எடுத்ததைச் சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்து, அசைவுகளை மட்டும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். காது எப்போது திரும்பியது, பார்வை எங்கே போனது, எப்போது எழுந்தது. இந்தக் குறிப்புதான் ஸ்கிரிப்டின் முதுகெலும்பு.

அடுத்தது, பூனைக்கு ஒரே ஓர் ஆசையை முடிவு செய்வது. உதாரணத்துக்கு, திருவல்லிக்கேணி வீடு ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்படியில் அம்மா அருவாமனையில் சங்கரா மீன் ஆய்கிறார். பூனைக்கு மீன் வேண்டும். இதை அப்படியே சொல்ல வைத்து, “ஐ, மீன்! எனக்கு வேணும்!” என்று எழுதினால் சிரிப்பு வராது. கண்ணுக்குத் தெரிவதையே குரலும் சொல்கிறது. வாய் மறுக்க வேண்டும், உடம்பு காட்டிக்கொடுக்க வேண்டும்.

0–4: வாசற்படியில் கண்மூடிப் படுத்திருக்கிறது.
“எனக்கு மீன் மேல எல்லாம் ஆசை கிடையாதுங்க.”

4–7: ஒரு காது மட்டும் அருவாமனைப் பக்கம் திரும்புகிறது.
(குரல் இல்லை)

7–12: எழுந்து சோம்பல் முறிக்கிறது.
“சும்மா, கால் மரத்துப் போச்சு. அதான் எழுந்தேன்.”

12–18: அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறது.
“சுவத்துல பல்லி இருக்கான்னு பார்க்க வந்தேன்.”

18–24: அம்மா பாத்திரத்தை மூடி எடுத்துப்போகிறார். பூனை பின்னாலேயே நடக்கிறது.
“நானும் அந்தப் பக்கமாத்தான் போறேன்.”

மொத்தம் 21 சொற்கள்தான். நிதானமாகப் பேசினால் வினாடிக்குச் சுமார் இரண்டு சொல் வரும். ஆகவே பாதி நேரத்துக்கு மேல் குரலே இல்லை. புதிதாக எழுதுபவர்கள் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் சறுக்குவார்கள். ஐம்பது சொல்லைத் திணித்தால் மூச்சுவிடாமல் வாசிக்க வேண்டியிருக்கும், பார்ப்பவர் அந்தக் காதைக் கவனிக்கவே மாட்டார். நான்காவது வினாடியில் விட்ட மௌனம்தான் இந்த வீடியோவிலேயே நல்ல இடம். அதை நிரப்பாதீர்கள்.

பூனை யாரை எப்படி அழைக்கிறது என்பதையும் ஆரம்பத்திலேயே தீர்மானியுங்கள். மேலே உள்ள பூனை ‘ங்க’ போட்டு மரியாதையாகப் பொய் சொல்கிறது. அடுத்த வரியில் “ஏய், என்னா பாக்குற?” என்று மாறினால் அது வேறு பூனை. நாய்க்கு இதே மழுப்பல் பொருந்தாது. வாலை ஆட்டிக்கொண்டே ஆசையை மறைக்க அதற்குத் தெரியாது. அதனால் “அம்மா, அம்மா, வெளியே போறோமா?” என்று நேராகக் கேட்கும் குரல்தான் இயல்பு.

குரல் பதிவுக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணி நிறைந்த பீரோவைத் திறந்து, அதைப் பார்த்தபடி பேசுங்கள். தெருவில் ஆட்டோ ஹாரன் ஓயாத வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் பதிவு செய்வது நல்லது. போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். நேராக வைத்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று அடிக்கும். கார்ட்டூன் மாதிரி கீச்சுக்குரல் வேண்டாம். பக்கத்து வீட்டாரிடம் சமாளிக்கிற சாதாரணக் குரலே போதும்.

ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பதிவு செய்தால்தான் இன்ஷாட், விஎன் போன்ற செயலிகளில் முன்னே பின்னே நகர்த்தலாம். வரி, அசைவு தொடங்கி அரை வினாடி கழித்து வரவேண்டும். முந்திக்கொண்டால் யாரோ சொல்லிப் பூனை கேட்டதுபோல் ஆகிவிடும். மீன் ஆயும் சத்தத்தை முழுக்க அழிக்காமல் மெல்லிசாகக் கீழே ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் காது ஏன் திரும்பியது என்று புரியாது. திரையில் காட்டும் வசன எழுத்துகளை, பதிவேற்றிய பிறகு கணக்கின் பெயர் வந்து மறைக்கும் அடிப்பகுதிக்குச் சற்று மேலே வையுங்கள்.

சில காட்சிகளுக்கு வேடிக்கை வசனம் எழுதவே கூடாது. காதைப் பின்னால் மடித்துத் தட்டையாக்கிப் பதுங்கும் பூனை பயந்திருக்கிறது. கண்ணின் வெள்ளை தெரிய முகத்தைத் திருப்பி, உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும் நாயும் அப்படித்தான். தீபாவளி வெடிக்குக் கட்டிலடியில் ஒளிந்த நாய்க்கு நகைச்சுவைக் குரல் கொடுத்தால், நாய் வளர்ப்பவர்களுக்கு அந்த நடுக்கம் உடனே தெரிந்துவிடும். அப்படி ஏதாவது பதிவாகியிருந்தால் போனைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் போய் உட்காருங்கள்.